அப்ரைசலில் ‘அக்கறை இல்லை’ என்று வந்ததை மாற்றி எழுதிய அனுபவம் உண்டா?

மண்டபம்_ஷிஃப்ட்:
மண்டபம் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் இடத்தில் நிற்கும் ஒரு தங்கச்சிக்கு மேனேஜர் எழுதிக் கொடுத்தது இது: “வேலையில் அக்கறை இல்லை. பதிவேடு மோசம். பலமுறை சொல்லியும் திருந்தவில்லை.” இதை அவளிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியது நான். “வேணும்னா நீயே மாத்தி எழுதிக் கொண்டா” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இப்படி யாராவது மாற்றி எழுதியிருக்கிறீர்களா?

கீழக்கரை_பாய்:
ரொம்ப சுலபம். முதலில் இரண்டு நல்லது சொல்லுங்கள், நடுவில் குறையை வையுங்கள், கடைசியில் இன்னொரு பாராட்டு. எங்கள் கடையில் அப்படித்தான். “பதிவேட்டில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும்” என்று போட்டால் யாருக்கும் மனசு நோகாது.

தொண்டி_அக்கா:
பாய், பாராட்டு உண்மையாக இருந்தால் சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் கவனம்’ என்றால் அந்தப் பிள்ளை நாளைக் காலையில் எதை மாற்றிச் செய்யும்? ரொம்ப வருஷம் பெர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவள் சொல்கிறேன்: அவளைத் தெரியாத ஒருவர் பதிவேட்டைப் புரட்டி ‘ஆமாம், இப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்ல முடிகிற வரி மட்டும் நிற்கட்டும். ‘அக்கறை இல்லை’ அதில் நிற்காது. ‘பலமுறை சொல்லியும்’ என்பதற்குத் தேதி எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள். மண்டபம், பதிவேட்டில் என்னதான் குறை?

மண்டபம்_ஷிஃப்ட்:
வெப்பநிலைக் கட்டம் காலி. சரக்கு இறங்கியதும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, 4 டிகிரிக்குள் இருக்கிறதா என்று எழுத வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை 14 இடம் காலி. நீங்கள் கேட்ட பிறகு தேதி பார்த்தேன் அக்கா. அதில் 12 விசைப்படகு கரை திரும்பிய காலை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நாள் நாட்டுப்படகு என்பது நம் பக்கத்து முறை. விசைப்படகு திரும்பும் காலையில் நண்டும் கணவாயும் பெட்டி பெட்டியாக வந்து நிற்கும். எடை போடுவதும் அவள்தான், தெர்மாமீட்டரும் அவள்தான்.

பாம்பன்_தம்பி:
எனக்கும் போன வருஷம் ‘குழுவோடு ஒத்துப்போவதில்லை’ என்று எழுதினார்கள். இன்கிரிமென்ட் போச்சு. மார்க்கைத் திருத்தச் சொல்லி யாரிடம் எழுதிப் போடுவது?

தொண்டி_அக்கா:
தம்பி, அது வேறு பஞ்சாயத்து. எந்த நாள், எந்த வேலையில் ஒத்துப்போகவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். மிச்சத்தைத் தனித் திரியில் பேசுவோம்.

மண்டபம், இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஜனவரி முதல் மார்ச் வரை வரவுப் பதிவேட்டில் 14 இடங்களில் வெப்பநிலை எழுதப்படவில்லை. இதில் 12 விசைப்படகு வரும் காலை நேரம். எழுதாத லாட் குளிராகத்தான் வந்தது என்று ஆடிட்டில் காட்ட வழியில்லை. வரும் திங்கள் முதல் எடைத்தட்டில் ஏற்றுவதற்கு முன்பே வெப்பநிலை பார்த்து எழுத வேண்டும். விசைப்படகு வரும் காலைகளில் எடைக்கு ஓர் உதவியாளர் தரப்படுவார். ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசர் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவார். ஏப்ரல் 10 அன்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.”

தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. மே மாதம் பார்த்தால் கட்டமெல்லாம் நிரம்பித்தான் இருக்கும். அதை வைத்து அவள் மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. நிரப்பிய கட்டங்களையும் பாருங்கள். வரிசையாக ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வில் இருந்தால் பார்க்காமலே பின்னால் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். அப்படியானால் இந்த வாசகம் பொருந்தாது. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும், இனிப்புத் தடவக் கூடாது.

கீழக்கரை_பாய்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 14, 12 என்று எண்ணி எழுதினால் போலீஸ் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்காதா?

மண்டபம்_ஷிஃப்ட்:
நானும் பயந்தேன் பாய். நேற்று வாசித்தபோது அவள் அழவில்லை. “அந்த 12 நாளும் எனக்கே தெரியும்க்கா” என்றாள். எண்களும் ஒன்றுபோல் இல்லை, 2.1, 3.4 என்று மாறி மாறித்தான் இருந்தன. மேனேஜர் வாசகத்தை ஏற்றுக்கொண்டார், மார்க்கை மட்டும் ஏற்றவில்லை. 5-க்கு 2 தான்.

தொண்டி_அக்கா:
உதவிக்கு ஆள் இல்லாதது கம்பெனி குறை. 2 போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

கீழக்கரை_பாய்:
காலி விட்டது அவர்தானே அக்கா? வேலை அதிகம் என்று அன்றைக்கே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். எனக்கு 2 நியாயம்தான்.

மண்டபம்_ஷிஃப்ட்:
அதை விடுங்கள், இப்போது புதுச் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் எடைத்தட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. படிவத்தில் என்ன எழுதுவது?

தொண்டி_அக்கா:
“உதவியாளர் வராத காலைகள் ஏப்ரல் 10 கணக்கில் சேராது” என்று ஒரு வரி போட்டு, மேனேஜரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.