புதுப்பிப்பு: அம்மா வாயின் வெள்ளைப் படை, ரிப்போர்ட் வந்தாச்சு

போன மாசம் நான் கேட்டது: “அம்மா கன்னத்து உள்பக்கம் வெள்ளைப் படை. வலியே இல்ல. வெட்டிப் பார்த்தே ஆகணுமா?”

வெட்டியாச்சு. சுங்கை சிப்புட் கிளினிக்கில் எழுதிக் கொடுத்து ஈப்போ போனோம். மரத்துப்போக ஊசி, இரண்டு தையல். தடித்த வெள்ளையை விட்டுவிட்டு, ஓரத்தில் சிவப்பு கலந்த இடத்தில்தான் சதை எடுத்தார் டாக்டர். கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்குமாம்.

“பூஞ்சைதான், துடைச்சா போயிடும்” என்ற தம்பி பாதி சரி. பூஞ்சை பெரும்பாலும் துடைத்தால் வரும், இது வரவில்லை. எடுத்த சதையில் சாயம் போட்டும் பார்த்திருக்கிறார்கள், பூஞ்சை இல்லை. பல்செட் உரசல் கதை சொன்ன அண்ணே, அம்மாவுக்குப் பல்செட்டே கிடையாது!

ரிப்போர்ட்டில் ‘மிதமான டிஸ்பிளேசியா’, அதாவது செல்கள் ஒழுங்கு கெட்ட நிலை. ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா விளக்கினார்: “மேல்தோலை மூணு பங்கா நினைச்சுக்கோ. ஒழுங்கு கெட்ட செல்லு அடிப்பங்கோட நின்னா லேசு, நடுப்பங்கு வரை ஏறினா மிதம். அடிச்சவ்வைக் கிழிச்சுக் கீழே இறங்கினாதான் புற்று.” அம்மாவுக்கு இறங்கவில்லை. லேசா மிதமா என்பதில் இரண்டு டாக்டர்கள் வேறுபடலாம் என்றும் சொன்னார்.

இனி 3 மாசத்துக்கு ஒருமுறை, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம். சிவந்தால், கெட்டியானால், புண் 2 வாரம் ஆறாவிட்டால் தேதி பார்க்காமல் போகணும். படையை முழுசா எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. எடுத்தாலும் திரும்ப வரலாமாம்.

அம்மா புகையிலையை விட்டாச்சு. பாக்கும் கெடுதல் என்றால்தான் கோபம் வருது.