ஒப்படை 30, இறுதிப் பரீட்சை 50: கடைசிப் பேப்பரில் எவ்வளவு எடுக்கணும்?

தேவி, மஸ்கெலியா
டிப்ளோமா பாடம் ஒன்று. மூன்று ஒப்படைக்கும் சேர்த்து 30 வீதம், இடைப் பரீட்சைக்கு 20, இறுதிப் பரீட்சைக்கு 50. ஒப்படைகளில் 20க்கு 18, 50க்கு 35, 30க்கு 24. இடைப் பரீட்சையில் 80க்கு 52. மொத்தம் 65 வந்தால்தான் பி. இறுதிப் பரீட்சையில் எவ்வளவு எடுத்தால் போதும்?

குமார், பண்டாரவளை
50 போதும் அக்கா. ஒப்படைகளை நூற்றுக்கு மாத்தினா 90, 70, 80. சராசரி 80. இடைப் பரீட்சை 65. இறுதியில 50 எடுத்தா மூணும் சேர்ந்து 195. மூணால பிரிச்சா சரியா 65.

கணக்கு சேர், ஹட்டன்
தம்பி, நூற்றுக்கு மாத்தின வரைக்கும் சரி. பலர் அதைச் செய்யாமல் 18ஐயும் 35ஐயும் அப்படியே கூட்டிவிடுவார்கள். பிசகு அதுக்குப் பிறகுதான். மூணால பிரிச்ச உடனே மூன்றுக்கும் ஒரே நிறை கொடுத்துட்டீங்க. ஆயிரம் ரூபா தேயிலைத் தூள் மூணு கிலோவும் ரெண்டாயிரம் ரூபா தூள் ஒரு கிலோவும் கலந்தால் கிலோ 1500 என்று கடைக்காரர் விற்கமாட்டார், 1250 என்றுதான் விற்பார். இதுவும் அதே கணக்குத்தான்.

தேவியின் ஒப்படை 80இல் 30 வீதம் என்றால் 24. இடைப் பரீட்சை 65இல் 20 வீதம், 13. கையில் இப்போதே 37 இருக்கு. 65க்கு இன்னும் 28 வேணும். அந்த 28ஐ 50 வீதத்துக்குள் எடுக்கணும், அதாவது 28ஐ 0.5ஆல் பிரிக்க 56. குமார் சொன்ன 50ஐ எடுத்தால் 37உடன் 25தான் சேரும். 62இல் நின்றுவிடும், பி கிடையாது.

ரஞ்சினி, பதுளை
என் மகள் உயர்தரம் எழுதியிருக்கா. இசட் புள்ளிக்கும் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நிறை என்று இப்படித்தான் பார்க்கிறதா சேர்?

கணக்கு சேர், ஹட்டன்
இல்லைம்மா, அது வேற. அங்கே மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளையும் சமமாக வைத்துத்தான் சராசரி எடுக்கிறார்கள். இந்த வழியை அதில் போட்டுப் பார்க்காதீங்க.

தேவி, மஸ்கெலியா
நன்றி சேர். எக்செல்லில் B நிரலில் புள்ளியும் C நிரலில் நிறையும் போட்டுப் பார்த்தேன், 37 என்று காட்டுது. பெயிலா என்று நெஞ்சு திக்கென்றது.

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(C2:C4)
```

நிரோஷன், நுவரெலியா
B4 காலியாக இருக்கும், அதுதான் காரணம். எழுதாத பரீட்சையை அது பூச்சியமாக எடுத்துக்கொள்ளுது, ஆனால் கீழே பிரிக்கும்போது அதன் 50 நிறையையும் சேர்த்து 100ஆல் பிரிக்குது. இதுவரைக்கும் எப்படிப் போகிறீர்கள் என்று பார்க்க, புள்ளி வந்தவற்றின் நிறையால் மட்டும் பிரிக்கணும்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUMIF(B2:B4,"<>",C2:C4)
```

37ஐ 0.5ஆல் பிரித்தால் 74. இதுவரை செய்த வேலைக்கு அதுதான் உங்கள் நிலை. ஒரு கண்ணி இருக்கு: வராதவருக்கு `AB` என்று தட்டினால் அந்தக் கட்டம் காலி இல்லை என்று ஆகிவிடும். நிறை கீழே சேரும், புள்ளி மேலே பூச்சியமாகும். காரணமில்லாமல் வராதவருக்கு அது நியாயம். மெடிக்கல் கொடுத்தவருக்கு அநியாயம், அவருக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்க.

பாத்திமா, கம்பளை
56 என்பதில் எனக்கு ஒரு சந்தேகம். ஒப்படைகளைத் தனித்தனியே நூற்றுக்கு மாத்தி சராசரி எடுத்தால்தான் 80. எடுத்த புள்ளிகளை முதலில் கூட்டிப் பாருங்க: 18, 35, 24 சேர்ந்து 77. முழுப்புள்ளி 20, 50, 30 சேர்ந்து 100. இந்த வழியில் 77தான். தேவிக்குக் குறைவாக வந்தது 50 புள்ளி ஒப்படையில், கூட்டும்போது அதன் பாரம் ஏறிவிடுது. 77இல் 30 வீதம் 23.1, இடைப் பரீட்சையோடு 36.1. அப்போ இறுதியில் 57.8 வேணும். 56 எடுத்தால் 64.1இல் நின்றுவிடும்.

கணக்கு சேர், ஹட்டன்
நல்ல பிடி. நான் சமமாக எடுத்துக்கொண்டது தப்பாகவும் இருக்கலாம். "ஒப்படைகள் 30 வீதம்" என்ற ஒரு வரி ரெண்டுக்கும் இடம் கொடுக்குது. பாடக் கையேட்டில் மூன்றும் தலா 10 என்று போட்டிருந்தால் 56, மொத்தப் புள்ளி என்று இருந்தால் 57.8. இறுதிப் பரீட்சையில் தனியாக 40 எடுக்கணும் போன்ற நிபந்தனை இருக்கா என்றும் பாருங்க. இருந்தால் மற்றதில் எவ்வளவு எடுத்திருந்தாலும் அது தாங்காது.

குமார், பண்டாரவளை
64.1ஐ 65 ஆக்கிப் போடமாட்டாங்களா?

பாத்திமா, கம்பளை
முழு எண்ணாக்கினாலும் 64தான் தம்பி. 64.5 வந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம், அதுவும் எல்லா இடத்திலும் தருவதில்லை. நடுவில் 23.1ஐ 23 ஆக்கிவிடாதீங்க, கடைசியில் ஒரு தடவை மட்டும் செய்யுங்க.

தேவி, மஸ்கெலியா
கையேட்டில் "ஒப்படைகள் 30%" என்று மட்டும்தான் இருக்கு. இணைப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரல. இப்போதைக்கு 58ஐக் குறியாக வைத்துப் படிக்கிறேன்.