கொரிய மொழி ஜிம் ஆப்: வகுப்பை ரத்து செய்யும்போது எங்கே மாட்டுகிறோம்?

மஞ்சள்குடை:
புதன் காலை 7 மணி பிலாட்டீஸ் வகுப்பை செவ்வாய் இரவு 9 மணிக்கே ரத்து செய்தாயிற்று. ஆனாலும் 10 முறைக்கான சீட்டில் ஒன்று குறைந்து 9 என்று காட்டுகிறது. கார்டில் பணம் எதுவும் பிடிக்கவில்லை. வகுப்புப் பக்கத்தின் அடியில் இருப்பது இதுதான்: `수업 시작 12시간 전까지 취소 가능`. இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கடலோரம்:
முந்தின நாளே ரத்து செய்தால் ஒன்றும் போகாது. `당일 취소` என்றால் அன்றைக்கே ரத்து செய்வது, அதற்குத்தான் அபராதம். ஆப்பில் ஏதோ கோளாறு, ஜிம்மில் கேளுங்கள்.

சுவோன்வாசி:
`당일 취소`க்கு நீங்கள் சொன்ன பொருள் சரி. ஆனால் அந்தச் சொல் எழுதியிருக்கும் இடத்தில்தான் அந்தக் கணக்கு செல்லும். மஞ்சள்குடை காட்டிய வரியில் அது இல்லை. `12시간 전까지` என்றால் வகுப்பு தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்புவரை. காலை 7 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் செவ்வாய் மாலை 7 மணி. இரவு 9 மணிக்கு ரத்து செய்தது இரண்டு மணி நேரம் தாமதம். அதே விதியில் புதன் மாலை 7 மணி வகுப்பாக இருந்தால் புதன் காலை 7 மணி வரை நேரம் இருந்திருக்கும். விடிகாலை வகுப்புக்குப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள்.

கார்டில் பணம் பிடிக்காததற்குக் காரணம், முறைக் கணக்குச் சீட்டில் அபராதம் என்பதே ஒரு முறையைக் கழிப்பதுதான். `1회 차감` என்று எழுதியிருக்கும். 10 முறைக்கு 2,00,000 வோன் கட்டியிருந்தால் போனது 20,000 வோன். ஆப்பில் சீட்டைக் காட்டும் `수강권` பக்கத்தில் `잔여` என்ற சொல்லை ஒட்டி இருப்பதுதான் மீதி எண்ணிக்கை.

நெல்லிமரம்:
மூன்று மாதச் சீட்டை பாதியில் விட்டபோது என்னிடம் 10 சதவீதம் பிடித்தார்கள். அதுதானே இது?

சுவோன்வாசி:
அது வேறு. நீங்கள் சொல்வது `위약금`, ஒப்பந்தத்தையே முறிப்பதற்கான தொகை. அதற்கு உச்சவரம்பு மொத்தத் தொகையில் 10 சதவீதம். பயன்படுத்திய நாட்களுக்கானதைத் தனியாகக் கழிப்பார்கள். அதில் தகராறு வந்தால் 1372 என்ற நுகர்வோர் ஆலோசனை எண்ணுக்குப் பேசலாம். ஒரு வகுப்பை ரத்து செய்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கருவேப்பிலை:
நேரத்தைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. ரத்து செய்யப் போனால், முன்பதிவை ரத்து செய்யவா என்று கேட்கும் `예약을 취소하시겠습니까?` பெட்டி ஒன்று வரும். சில ஆப்களில் அதன் கீழே `취소`, `확인` என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ரத்து என்ற சொல் `취소`தான் என்று பலரும் அதையே அழுத்துவார்கள். அந்த இடத்தில் `취소` ரத்து செய்வதையே கைவிடுகிறது, பெட்டி மூடிக்கொள்ளும், முன்பதிவு அப்படியே இருக்கும். அழுத்த வேண்டியது, உறுதி செய் என்று பொருள்படும் `확인`. `아니오`, `예` என்று இருந்தால் குழப்பம் இல்லை, `예`தான் ஆம்.

ரத்தாகிவிட்டதா என்று அறிய, உங்கள் முன்பதிவுப் பட்டியலுக்குத் திரும்பிப் பாருங்கள். அந்த வகுப்பு அங்கிருந்து மறைந்திருக்க வேண்டும், அல்லது `예약취소` என்று மாறியிருக்க வேண்டும். மாறாமல் விட்டால் அது `노쇼`, அதாவது வராமல் விட்ட கணக்கில் சேரும்.

சுவோன்வாசி:
முக்கியமான விஷயம். அந்தப் பெட்டியில் இன்னொரு வரியும் வரலாம்: `1회가 차감됩니다` என்றால் ஒரு முறை போகும், `차감되지 않습니다` என்றால் போகாது. திரையை மொழிபெயர்க்க நேரமில்லாவிட்டால் `않` என்ற எழுத்தை மட்டும் தேடுங்கள். அதுதான் 'இல்லை' என்பதைச் சொல்கிறது. மொழிபெயர்ப்பு ஆப்பை முழுதாக நம்பவும் முடியாது. வகுப்பில் எத்தனை பேருக்கு இடம் என்பதைச் சொல்லும் `정원` என்ற சொல்லைச் சில நேரம் 'தோட்டம்' என்று காட்டும், எழுத்து ஒன்றுதான்.

மஞ்சள்குடை:
அப்படியானால் நேரம் தாண்டியபின் ரத்து செய்வதே வீண்தானா? எப்படியும் ஒரு முறை போகிறதே.

கருவேப்பிலை:
இல்லை, செய்துவிடுங்கள். சில ஜிம்களில் `노쇼`வுக்கு முறை கழிவதோடு சில நாட்கள் முன்பதிவையும் முடக்குவார்கள், `예약 제한` என்று காட்டும். தவிர, காத்திருப்பவருக்கு இடம் கிடைக்கும்.

கடலோரம்:
காத்திருப்பு என்றதும் ஒன்று கேட்க வேண்டும். `예약대기`யில் இருந்தவருக்கு அதிகாலை 5 மணிக்கு இடம் தானாக உறுதியானால்? 7 மணி வகுப்பு, 12 மணி நேர விதி. ரத்து செய்யும் நேரம் ஏற்கெனவே போய்விட்டதே!

சுவோன்வாசி:
அது ஜிம்முக்கு ஜிம் வேறுபடுகிறது. சில இடங்களில் வகுப்புக்குக் குறிப்பிட்ட நேரம் முன்பே தானாக உறுதியாவதை நிறுத்திவிடுவார்கள், சில இடங்களில் கடைசிவரை நடக்கும். வரமுடியாது என்று தெரிந்தால் முந்தின மாலையே காத்திருப்பிலிருந்து விலகுவதுதான் பாதுகாப்பு, `대기 취소` என்று பொத்தான் இருக்கும்.

நெல்லிமரம்:
காய்ச்சல் வந்து படுத்தால்கூடக் கழிப்பார்களா?

கருவேப்பிலை:
ஆப் கழித்துவிடும், அதற்குக் காரணம் தெரியாது. கழிந்ததைத் திருப்பிப் போடுவது வரவேற்பில் இருப்பவர் கையில். மருத்துவச் சீட்டைப் பார்த்துச் சேர்த்துக் கொடுத்த இடமும் உண்டு, மறுத்த இடமும் உண்டு.