பொருள்: சேனலுக்கு ‘வெட்டு மையம்’ சரியா, ‘முறுக்கிலி மையம்’ சரியா?

காட்பாடி, கட்டமைப்புப் பாட ஆசிரியை:

கையேட்டில் ‘ஷியர் சென்டர்’ என்பதற்கு ‘வெட்டு மையம்’ என்று போடலாமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ‘முறுக்கிலி மையம்’ பிடிக்கிறது. சுமையின் கோடு அந்தப் புள்ளி வழியே போனால் ‘சி’ வடிவ இரும்புச் சேனல் வளையும், முறுக்காது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

ராணிப்பேட்டை, பேப்ரிகேஷன் பட்டறை:

வெட்டு மையம்னா சேனலை எந்த இடத்துல கட் பண்றதுன்னு நினைச்சேன் மேடம். நம்ம பிரச்சினை வேற. 3 மில்லி தகட்டை மடிச்ச சேனல், நடுத் தகடான வெப் நிமிர்ந்து நிக்குது, மேலயும் கீழயும் ஒரே பக்கமா நீளுற மடிப்புங்கதான் பிளேஞ்ச். வெப்புல போல்ட் போட்டு பைப் தொங்க விட்டா, பிளேஞ்ச் நுனி கீழே சாயுது. போல்ட் ஓட்டையை எங்க போட்டா நிக்கும்?

ஆற்காடு, டிப்ளமோ முடித்தவர்:

ஈர்ப்பு மையத்துல மாட்டுங்கண்ணே. ஐ பீம்ல அப்படித்தான், முறுக்கே வராது.

காட்பாடி:

தம்பி, ஐ பீமுக்கு இரண்டு பக்கமும் சமச்சீர். அதனால் இரண்டு மையமும் ஒரே இடத்தில் விழுகின்றன. சேனலில் அப்படி இல்லை. ஈர்ப்பு மையத்தில் மாட்டினால் சாய்வு இன்னும் கூடும்.

கணக்கைப் பாருங்கள். தகட்டின் நடுக்கோட்டில் அளந்து உயரம் 100 மி.மீ., பிளேஞ்ச் 50 மி.மீ., தடிமன் எங்கும் 3 மி.மீ. என்று வையுங்கள். படுக்கை அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன், வெப்புக்கு 2,50,000, இரு பிளேஞ்சுக்கும் 7,50,000, மொத்தம் 10,00,000 மி.மீ.⁴. கீழ்நோக்கி 1000 நியூட்டன் வெட்டுவிசை வந்தால், வெட்டுப் பாய்வு, அதாவது தகட்டின் நடுக்கோட்டில் ஒரு மி.மீ. நீளத்துக்கு வரும் வெட்டுவிசை, பிளேஞ்ச் நுனியில் சுழி. அது ஒரே சீராக ஏறி, வெப்போடு சேரும் இடத்தில் மி.மீ.க்கு 7.5 நியூட்டன் ஆகிறது. சராசரி 3.75, அதை 50-ஆல் பெருக்கினால் ஒரு பிளேஞ்சில் 187.5 நியூட்டன். மேல் பிளேஞ்சில் இது வெப்பை நோக்கி, கீழ்ப் பிளேஞ்சில் வெப்பை விட்டு விலகி. எதிரெதிர் திசையில், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு விசைகள். சேனலைத் திருப்பப் பார்க்கும் 18,750 நியூட்டன் மி.மீ. விசை இரட்டை அது. இதைச் சரிக்கட்ட 1000 நியூட்டன் சுமை 18.75 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பிளேஞ்ச் நீளும் பக்கம் அல்ல, வெப்பின் முதுகுப் பக்கம். ஈர்ப்பு மையமோ பிளேஞ்ச் பக்கம் 12.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆக அங்கே மாட்டினால் நெம்புகோல் 31.25 மி.மீ., வெப்பில் மாட்டினால் 18.75.

ராணிப்பேட்டை:

அங்க இரும்பே இல்லையே! காத்துல எப்படி ஓட்டை போடறது?

காட்பாடி:

ஓட்டை போட முடியாது. வெப்பின் முதுகில் சின்ன பிராக்கெட்டை இறுக்கி அதில் கொக்கி மாட்டுங்கள். 18.75 வெப்பின் நடுக்கோட்டிலிருந்து வந்த அளவு. முதுகு முகத்திலிருந்து டேப் பிடித்தால் 17.25 மி.மீ.. இந்த 1.5 மில்லியை விட்டுவிட்டு அளப்பவர்கள் உண்டு.

வேலூர், பாலிடெக்னிக் ஆய்வகப் பணியாளர்:

சோதிக்க எளிய வழி இருக்கு. சேனலின் ஒரு முனையை இறுக்கிப் பிடிச்சு, மறுமுனையில குறுக்குப் பட்டை ஒண்ணை வெல்டு பண்ணணும். பட்டையின் இரண்டு நுனியிலும் இறக்கத்தை அளக்க ஒரு டயல் கேஜ். ஒரே எடையை முதல்ல வெப்பின் நேர்க்கோட்டில, பிறகு முதுகுப் பக்கம் 40 மி.மீ. தள்ளி தொங்க விடுங்க. இரண்டு கேஜின் வித்தியாசம் முதல்ல 0.6 மி.மீ., அடுத்து எதிர்த் திசையில 0.7 வந்ததுன்னு வைங்க. இடையில நேர்கோடு போட்டா, 18.5 மி.மீ.க்குப் பக்கத்துல சுழி வரும். பிடிப்பு நழுவினா கோடு வளையும். எடையை எடுத்ததும் கேஜ் பழைய இடத்துக்கு வரலைன்னா அந்த அளவைக் கணக்குல எடுக்காதீங்க.

சென்னைக்குப் போன வாலாஜாக்காரர், வடிவமைப்புப் பொறியாளர்:

‘முறுக்கிலி’க்கு எனக்கு ஆட்சேபம் உண்டு. சேனலை முறுக்கினால் குறுக்குவெட்டு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புமோ, மீள்தன்மை எல்லைக்குள் அதுவும் இதே புள்ளிதான். திரும்பும் மையத்துக்கே முறுக்கிலி என்று பேர் வைத்தால் மாணவன் குழம்புவான். தவிர, சாய்ந்த கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லினில் சுமை இந்தப் புள்ளி வழியே போனாலும் சேனல் இரண்டு அச்சிலும் வளையும். முறுக்கில்லை என்பதால் பத்திரம் என்று நினைத்துவிடுவார்கள். ‘வெட்டு மையம்’ அழகில்லைதான், ஆனால் வெட்டுவிசையின் விளைவு கடந்து போகும் இடம் என்பது பொருந்துகிறது.

காட்பாடி:

திரும்பும் மையம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனாலும் பட்டறையில் ‘வெட்டு’ என்றால் கட்டிங்தான், மேலே பார்த்தோமே. ‘வெட்டுவிசை மையம்’ என்று நீட்டினால்?

ஆற்காடு:

நீளமா இருந்தாலும் தப்பா புரியாது. நான் அதுக்கே.

ராணிப்பேட்டை:

பேர் எதுவா இருந்தாலும் சரி. நாளைக்கு வர்ற சேனல் பிளேஞ்ச் நுனியில உதடு மடிச்சது. அதுக்கும் 17.25 தானா?

காட்பாடி:

இல்லை. உள்நோக்கி மடித்த உதட்டிலும் வெட்டுப் பாய்வு ஓடும், மையம் முதுகுப் பக்கம் இன்னும் தள்ளிப்போகும். உதட்டின் நீளத்தை அனுப்புங்கள், அதையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன்.