நடுவில் தொடங்கி நடுவில் அறுந்த பேச்சு: சுருக்கம் எழுதிய அனுபவங்கள்

நாகலூர்க்காரி:
ஏற்காட்டில் இரு பங்காளிகளுக்கிடையே கணக்குத் தகராறு. சமரசம் பேசுபவருக்காக ஒரு தொலைபேசி உரையாடலின் எழுத்துப்படியைச் சுருக்கித் தரும் வேலை எங்களிடம் வந்தது. கிடைத்தது இவ்வளவுதான்:

முதலாமவர்: …அதனால்தான் அதை அங்கே வைக்க வேண்டாம் என்றேன்.
இரண்டாமவர்: அவர் வந்து பார்க்கட்டும்.
முதலாமவர்: நாற்பது மூட்டை. ஈரம் இன்னும் பதினான்கு இருக்கிறது.
இரண்டாமவர்: களம் காலியாக இல்லையே.
முதலாமவர்: தெரியும். வெள்ளிக்கிழமை லாரியை அனுப்ப…

எங்கள் அலுவலகத்துப் பையன் எழுதிக்கொண்டு வந்தது: "கிடங்கில் வைத்த காப்பி ஈரமாக இருந்ததால் மேலாளர் வரும்வரை காத்திருக்கவும், வெள்ளிக்கிழமை லாரியை அனுப்பவும் முடிவு செய்தனர்." படிக்கச் சுகமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த வரி ஆதாரம் என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். கிடங்கு, காப்பி, மேலாளர், காத்திருப்பது, முடிவு எதற்கும் வரி இல்லை. லாரிக்கு வரி உண்டு, அதுவும் பாதி வரி. சமரசம் பேசுபவர் இதை நம்பி, "வெள்ளிக்கிழமை அனுப்புவதாக ஒப்புக்கொண்டீர்களே" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப்பட்டறை:
எனக்கும் இதே தொல்லை. என் தொலைபேசியில் பதிவு எப்போதும் சில நொடிகள் தாமதமாகத்தான் தொடங்குகிறது. வெள்ளி எடையை வியாபாரி சொல்லும் இடமே விழுவதில்லை. முழுதாகப் பதிய என்ன வழி?

நாகலூர்க்காரி:
அது வேறு கேள்வி, அண்ணா. பதிவு குறையாகவே கிடைத்துவிட்டது, அதை எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே பேச்சு. ஆனால் உங்கள் பதிவை யாராவது சுருக்கினால், எடை எவ்வளவு என்று ஊகித்து எழுதக் கூடாது. "எடை இப்பகுதியில் இல்லை" என்று எழுத வேண்டும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
எளிய வழி இருக்கிறது. முதல் வரியையும் கடைசி வரியையும் வெட்டிவிடுங்கள். முழுதாக இருப்பதை மட்டும் சுருக்கினால் ஊகத்துக்கே இடமில்லை.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர்:
ஊகத்தைத் தவிர்க்க நினைப்பது சரிதான், ஐயா. ஆனால் வெட்டினால் இருக்கும் செய்தியும் போய்விடும். "அதனால்தான்" என்ற சொல்லே, முன்னால் ஒரு காரணம் பேசப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. காரணம் இன்னதென்று எழுதக் கூடாது. காரணம் இப்பகுதிக்கு வெளியே இருக்கிறது என்று எழுதலாம், எழுதவும் வேண்டும்.

கடைசி வரியில் இன்னும் கவனம் தேவை. நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. "அனுப்ப" என்பதற்குப் பின் வேண்டும், வேண்டாம், முடியாது, சொன்னார், மறந்துவிட்டேன் எதுவும் வரலாம். ஆமா இல்லையா, நடந்ததா நடக்கப்போகிறதா என்பதெல்லாம் அறுந்த துண்டில்தான் இருந்தது. நீதிமன்றத்தில் சாட்சியம் எழுதிய காலத்தில், பாதியில் நின்ற வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

இன்னொன்று: முதல் வரியின் "அதை"யும் நாற்பது மூட்டையும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பதால் நம் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கிடைத்த பகுதி பேச்சின் நடுவில் தொடங்குகிறது. ஏதோ ஒன்றை ஓரிடத்தில் வைக்க வேண்டாம் என்று தாம் சொன்னதாக முதலாமவர் கூறுகிறார். பொருளும் இடமும் காரணமும் இதில் இல்லை. பெயர் சொல்லப்படாத ஒருவர் வந்து பார்க்கட்டும் என்கிறார் இரண்டாமவர். நாற்பது மூட்டை என்றும் ஈரம் இன்னும் 14 இருப்பதாகவும் முதலாமவர் சொல்ல, களம் காலியாக இல்லை என்கிறார் மற்றவர். அது தமக்குத் தெரியும் என்கிறார் முதலாமவர். வெள்ளிக்கிழமை லாரி அனுப்புவது பற்றிய அவருடைய வாக்கியம் முடிவதற்குள் பகுதி நின்றுவிடுகிறது."

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காப்பி என்று எழுதுவதில் என்ன தவறு? ஏற்காடு, மூட்டை, களம், ஈரம். வேறு என்னவாக இருக்கும்?

நாகலூர்க்காரி:
மிளகாக இருக்கலாம். எங்கள் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்திலேயே மிளகுக் கொடி ஏறுகிறது. காப்பி காய்ந்த களத்தில் அடுத்து மிளகு காய்கிறது. இரண்டையுமே ஈரம் பத்து, பதினொன்று சதவீத அளவுக்கு இறங்கும்வரை காயப்போடுவோம். அதனால் பதினான்கு என்ற எண்ணும் இரண்டுக்கும் பொருந்தும். மலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஊகம் சட்டென்று வருகிறது, ஊர் தெரிந்திருப்பதாலேயே.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர்:
தகராறு காப்பிக் கணக்கைப் பற்றியது என்று மனுவில் இருந்தால், அதைத் தனிக் குறிப்பாக, "மனுவின்படி" என்று சுருக்கத்துக்குக் கீழே சேர்க்கலாம் என்பது என் கருத்து.

நாகலூர்க்காரி:
எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே தாளில் இருந்தால் படிப்பவர் இரண்டையும் சேர்த்தே படிப்பார். மனு தனித் தாளாகவே போகட்டும்.