மூணு 'எங்கே?' வாங்கின விடைத்தாள்: உங்க அனுபவம் சொல்லுங்க

ஐந்துரோடு வாசகி
போன வாரம் இன்டர்னல் பேப்பர் கொடுத்தாங்க. இருபதுக்கு எட்டு. எட்கர் ஆலன் போ எழுதின 'டெல்-டேல் ஹார்ட்'தான் கேள்வி. ஒரு கிழவரைக் கொன்னவன், செத்தவரோட இதயம் துடிக்கற சத்தம் கேட்டுச்சுன்னு தன் வாயாலயே சொல்ற கதை. கதை சொல்றவனை நம்பலாமா, கதையிலிருந்தே சான்று காட்டி எழுதணும். நான் முதல் பக்கம் முழுக்க விமர்சகர் வேய்ன் பூத், 1961, நம்பத்தகாத கதைசொல்லிங்கிற பேரே அவர் வெச்சதுன்னு நிரப்பிட்டேன். அப்புறம் 'இவன் பைத்தியம், இவன் பொய்யன், இவனை நம்ப முடியாது'. ஓரத்துல மூணு இடத்துல சிவப்பு மையில ஒரே வார்த்தை: 'எங்கே?' மூணாவது 'எங்கே?'வை அழுத்தி எழுதினதுல தாளே லேசா கிழிஞ்சிருந்துச்சு. பஸ்ஸில் வீடு வர்ற வரைக்கும் அந்தக் கிழிசலையே தடவிட்டு வந்தேன். கதை பூரா அவன் ஒருத்தன்தானே பேசறான்? வேற சாட்சியே இல்லாத இடத்துல சான்றுக்கு எங்கே போறது?

தட்டுவடை செட்
எனக்கும் இதே கதை வந்துச்சுங்க. ராத்திரி முழுக்க உக்காந்து பதினாலு வரி மனப்பாடம் பண்ணினேன். சூபர்வைசர் பேப்பரைப் பிடிச்சு இழுக்கறார், நான் பதினாலாவது வரிக்கு மேற்கோள் குறி போட்டுட்டு இருக்கேன். பதினாலு மார்க் வந்துச்சு! அவன் வாயைத் திறந்தாலே பொய்னு ஒரே வரியில முடிச்சுட்டு மேற்கோளை அடுக்குங்க. திருத்தறவங்க எண்ணித்தான் போடறாங்க.

மலைமேல் வாத்தியார்
தம்பி, எண்ண மாட்டோம். உங்க பதினாலு மார்க் எப்படி வந்ததுன்னு எனக்குப் புரியலை, அதை விடுங்க.

'அவன் சொல்றது எல்லாமே பொய்'னு நானும் சொல்லிட்டுத்தான் இருந்தேன். ஏற்காட்டுல ஒரு மழை நாள், வகுப்புக்குள்ள வரைக்கும் மூடுபனி, பகல்லயே லைட் போட்டிருந்தோம். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்து, "சார், எல்லாமே பொய்னா கிழவர் செத்தாருங்கிறது மட்டும் எப்படி நிஜம்?"னு கேட்டுச்சு. எனக்குப் பதில் வரலை. சாக்பீஸை உருட்டிட்டே நின்னேன். மணி அடிச்சதால தப்பிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி கதையை மறுபடி படிச்சேன். கிழவர் ஒரே ஒரு தடவை அலறினார்னு அவன் சொல்றான். விடிகாலை நாலு மணிக்கு மூணு போலீஸ்காரங்க வர்றாங்க. ஏன் வர்றாங்க? அலறல் கேட்டதா பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். அதுவும் அவன் வாயால வர்ற சேதிதான், ஆனா அவனை மாட்டிவிடற சேதி. அதைக் கட்டிச் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. போலீஸ்கிட்ட 'கனவுல நான்தான் கத்தினேன்'னு புளுகறான், புளுகினதை நம்மகிட்ட ஒளிக்கவும் இல்லை. ஆக, நடந்ததை ஓரளவு சரியாத்தான் சொல்றான். அதுக்கு அவன் கொடுக்கற அர்த்தம்தான் கோணல். எல்லாம் பொய்னு எழுதினா உங்க சான்றையும் நீங்களே குப்பைல போட்டுடறீங்க.

வாசகி, நீங்க கேட்ட 'எங்கே' கதையோட கடைசிப் பக்கத்துல இருக்கு. 'அவங்களுக்குக் கேட்டுடுச்சு, சந்தேகப்படறாங்க, தெரிஞ்சுபோச்சு, என்னைக் கேலி பண்றாங்க'னு அலறறான். ஆனா சில வரிக்கு முன்னால அவனே என்ன சொன்னான்? அவங்க இனிமையா பேசிட்டு, சிரிச்சிட்டு உக்காந்திருந்தாங்கன்னு. பார்த்தது ஒண்ணு, அதுக்கு அவன் கட்டின அர்த்தம் வேற. ரெண்டும் ஒரே வாயிலிருந்து. வெளிச் சாட்சியே வேண்டாம்.

இதை நான் எழுதினா இப்படி இருக்கும் (தேர்வுல ஆங்கில வரியையே போடணும்): "தன் நோய் புலன்களைக் கூர்மையாக்கியது என்கிறான் கதைசொல்லி. ஆனால் அந்தக் கூர்மைக்கு அவன் காட்டும் சான்று, 'நரகத்தில் பலவற்றைக் கேட்டேன்' என்பது. தெளிவை நிரூபிக்க வந்த வாக்கியமே அதைக் குலைக்கிறது. முடிவிலும் அதே காதுதான். காவலர்கள் 'இனிமையாகப் பேசி, சிரித்த'தாகச் சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பையே தன்னைக் கேலி செய்வதாகப் படிக்கிறான். அவன் பார்ப்பதை நம்பலாம். பார்த்ததற்குத் தரும் பொருளை நம்ப முடியாது." மேற்கோள் ஒவ்வொண்ணும் மூணு நாலு சொல்தான். மேற்கோளை விரலால மறைச்சுட்டுப் பத்தியைப் படிச்சுப் பாருங்க. அப்பவும் பத்தி ஆடாம நின்னா, அந்த மேற்கோள் சும்மா ஒட்டினது. பூத் பேருக்கு அரை வரி போதும். பேர் வெச்சவர் யாருங்கறது இவன் நம்பத்தகாதவன்கிறதுக்குச் சான்று ஆகாதே!

செவ்வாய்ப்பேட்டை குமார்
கதை படிச்சதில்லைங்க. ஆனா இந்த மாதிரி ஆளு எங்க வீட்லயே இருக்கார். எங்க பெரியப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தம்பி, அதாவது எங்கப்பா, ஏமாத்திட்டார்னு முப்பது வருஷமா சொல்றார். போன பொங்கலுக்கும் அதே கதை. நடுவுல, "ஜுரமா கெடந்தப்ப தெனம் அவன்தான் கஞ்சி கொண்டாந்தான்"னு ஒரு வரி விழுந்துச்சு. சொன்னதும் அவரே ஒரு நொடி நின்னுட்டார். எங்கப்பா தலையைக் குனிஞ்சுட்டார். அது சான்றாகுங்களா? எழுதின ஆசிரியரே பொய் சொல்றார்னுதானே இந்தக் கேள்வி?

மலைமேல் வாத்தியார்
ஆசிரியர் இல்லைங்க குமார், அவர் படைச்ச ஆள். அந்த முரணை அங்கே வேணும்னே வெச்சதே ஆசிரியர்தான். உங்க பெரியப்பாவுக்கு அப்படி யாரும் வெச்சுத் தரலை, தானா விழுந்திருக்கு. கஞ்சி வரி நல்ல வரி.

ரெண்டாம் வருஷ டாக்டர்
பள்ளியில நான் இவனுக்கு மனச்சிதைவுன்னு அடையாளம் எல்லாம் போட்டு எழுதினேன். மிஸ் கூப்பிட்டு, "இவன் உன் பேஷன்ட்டா?"னு கேட்டாங்க. வகுப்பே சிரிச்சது. இன்னும் காது சுடுது. ஆனா வாத்தியார் சார், 'பார்ப்பதை நம்பலாம்'ங்கறது அதிகம். அந்த இதயச் சத்தம்? கிழவர் உயிரோட இருக்கறப்ப கேட்டதுக்கும், செத்தப்புறம் கேட்டதுக்கும் ஒரே உவமைதான்: பஞ்சுல சுத்தின கடிகாரம். அப்போ முதல் தடவை கேட்டதே அவன் சொந்த இதயமா இருக்கலாமே? சுவத்துக்குள்ள டிக்டிக்னு சத்தம் போடற வண்டை ராத்திரி ராத்திரி கேட்டுட்டு உக்காந்திருந்ததா வேற சொல்றான்.

மலைமேல் வாத்தியார்
நியாயம். அங்கே 'பார்த்ததை'னு கண்ணோட நிறுத்தியிருக்கணும், காதை விட்டிருக்கணும். வண்டா, அவன் இதயமாங்கறது எனக்கு இன்னும் தீரலை. 'உவமை மாறலை, ஆகவே ரெண்டு சத்தமும் ஒரே இடத்திலிருந்து வரலாம்'னு 'லாம்' போட்டு எழுதுங்க. அதுக்கு மேல அந்த வரி தாங்காது.

இருபதாவது வளைவு
பொய் சொன்னாத்தான் நம்பத்தகாதவன்னு இல்லை. சொல்லாம விடறவனும்தான். இஷிகுரோவோட 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'யை ஏற்காடு பஸ்ஸில் படிச்சுட்டுப் போனேன். அப்பா சாகறார், பட்லர் ஸ்டீவன்ஸ் விருந்தாளிகளுக்குப் பரிமாறிட்டே இருக்கான். தான் அழுததா அவன் ஒரு வார்த்தை சொல்லலை. முதலாளி வந்து, 'அழற மாதிரி இருக்கியே'ங்கறார். அப்பத்தான் நமக்கே தெரியுது. கொண்டை ஊசி வளைவுல தலை சுத்தச் சுத்த முந்தின பக்கத்தைத் திருப்பித் தேடினேன். அங்கே கண்ணீர் இல்லவே இல்லை. அவன் விட்டதை இன்னொருத்தர் பேச்சு சொல்லிடுது.

தட்டுவடை செட்
அப்போ என் பதினாலு வரி?

ஐந்துரோடு வாசகி
விரல் வெச்சு என் பேப்பரைப் பார்த்தேன் சார். மறைக்க ஒரு மேற்கோள்கூட இல்லை. மறுதேர்வு வெள்ளிக்கிழமை. ஒண்ணு மட்டும் கேக்கணும்: 'கிழவர் மேல எனக்கு அன்பு இருந்துச்சு'ங்கறானே, அது பார்த்ததா, கட்டினதா?