பக்கத்து வீட்டுக்காரரின் சிகிச்சைக்கு ஒரு நிதி மாலை: கணக்கை எவ்வளவு திறந்து வைப்பது?

மூன்றாம் மாடி:
எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடக்க இருக்கிறது. பணம் திரட்ட ஒரு இசை மாலை நடத்துகிறோம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒன்று விடாமல் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது என் எண்ணம். குழுவில் பாதிப் பேர், "நோயாளியின் வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவராதே" என்கிறார்கள். எது சரி?

இளவேனில்:
அந்தப் பாதிப் பேரின் பக்கம்தான் நான். உதவி கேட்பதே ஒரு மனிதருக்குப் பெரிய கூச்சம். அதற்கு மேல் அவருடைய மருந்துச் சீட்டு ஒவ்வொன்றையும் நாலு பேர் படிக்கும்படி ஒட்டி வைத்தால் அது உதவி இல்லை, விசாரணை. வசூலான பணத்தை எண்ணிக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். "இவ்வளவு கொடுத்தோம்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு முடிந்தது.

பழைய பொருளாளர்:
இளவேனில் அவர்களே, உங்கள் கூச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வரி போதாது. நான் பல ஆண்டுகள் குடியிருப்புச் சங்கத்தின் பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்டவன். சந்தேகம் பெரும்பாலும் மருத்துவமனையில் பிறப்பதில்லை. நிகழ்ச்சி நடந்த அன்று இரவே, பெட்டி திறந்த இடத்தில் பிறக்கிறது.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். மணி பத்து தாண்டிவிட்டது. ஒலிபெருக்கி கொண்டுவந்தவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டு, கூலிக்காகப் படிக்கட்டில் நிற்கிறார். நன்கொடைப் பெட்டி மேசையில் திறந்திருக்கிறது. "இதிலிருந்தே கொடுத்துவிடலாம்" என்று யாரோ சொல்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியம்தான். ஆனால் அந்தப் பணம் வரவிலும் ஏறாது, செலவிலும் ஏறாது. மறுநாள் எண்ணி 29,750 என்று எழுதுவார்கள். பெட்டியில் விழுந்தது 38,750. நடுவில் போன 9,000 நேர்மையாகச் செலவான பணம், ஆனால் அதற்கு எழுத்தில் இடமே இல்லை. பெட்டி நிறைந்து வழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் பேசத் தொடங்குவார். அதை எந்த மருத்துவமனை ரசீதாலும் அடைக்க முடியாது.

ஆகவே முதல் விதி இதுதான்: பெட்டிப் பணத்திலிருந்து அன்று ஒரு காசும் வெளியே போகக் கூடாது. கூலிக்குத் தனியாக ஒரு கைத்தொகையை முன்பே எடுத்து வையுங்கள். பெட்டியை மூன்று பேர் முன்னிலையில் திறந்து, எந்தத் தாள் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி, மூவரும் கையெழுத்திடுங்கள். மறுநாள் அந்தத் தொகை குறையாமல் வங்கிக்குப் போக வேண்டும். கையெழுத்திட்ட சீட்டும் வங்கிச் சலானும் ஒரே எண்ணைச் சொன்னால், அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அகரன்:
எதற்கு இவ்வளவு பாடு? இணையத்தில் நிதி திரட்டும் தளத்தில் போட்டுவிடுங்கள். அவர்களே கணக்குக் காட்டிவிடுவார்கள்.

பழைய பொருளாளர்:
தம்பி, அவர் கேட்டது எங்கே திரட்டுவது என்பதை அல்ல. தளம் எவ்வளவு வந்தது என்று காட்டும். குடும்பத்திடம் போன பின் அது எப்படிச் செலவானது என்பதை நாம்தான் எழுத வேண்டும். டிக்கெட்டும் பெட்டியும் அங்கே ஏறவே ஏறாது.

செந்நிலா:
இந்தப் பேச்சின் இரண்டு பக்கத்தையும் நான் வீட்டிலிருந்தே பார்த்தவள். என் அப்பாவின் சிகிச்சைக்கு அக்கம்பக்கத்தார் திரட்டினார்கள். மிகுந்த அன்போடு செய்தார்கள். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று மருத்துவமனைப் பில்லை அப்படியே நகலெடுத்துத் தகவல் பலகையில் ஒட்டினார்கள். மூன்றாவது நாள் பார்த்தேன். "தனி அறை வாடகை" என்ற வரியின் கீழ் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். தொற்று வரக் கூடாது என்று மருத்துவர் சொல்லித்தான் தனி அறை எடுத்தோம். அதை நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று விளக்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு என்ன பரிசோதனை எடுத்தார்கள் என்பது அவரே சொல்லாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

ஆனால் இளவேனில் சொல்வதையும் ஏற்க முடியவில்லை. அவ்வளவு பில் ஒட்டியும், மீதி எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. அதனால் வதந்தி நின்றபாடில்லை. காட்டக் கூடாததைக் காட்டினார்கள், காட்ட வேண்டியதை விட்டுவிட்டார்கள்.

பழைய பொருளாளர்:
அம்மா, உங்கள் கடைசி வரியை எங்கள் குழுவிலும் படித்துக் காட்டப் போகிறேன். மூன்றாம் மாடி ஐயா, கணக்கு திறந்திருக்கட்டும், நோய் மூடியிருக்கட்டும். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். எண்கள் கற்பனை, முறை நான் பின்பற்றியது.

300 டிக்கெட், 001 முதல் 300 வரை வரிசை எண்ணோடு அச்சடிக்கிறீர்கள். ஆளுக்கு 50 என்று ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறீர்கள். 231 விற்றது, 62 திரும்பி வந்தது. 7 காணவில்லை. இந்த 7 என்ற எண்ணை மறைக்காதீர்கள். "7 டிக்கெட் தவறிவிட்டது" என்று அப்படியே எழுதுங்கள். ஒரு டிக்கெட் 200 என்றால் 46,200. பெட்டியில் 38,750. வங்கிக்கு நேராக வந்தது 65,050. ஆக வரவு 1,50,000. மேடையில் ஏறி "நான் பத்தாயிரம் தருகிறேன்" என்று சொன்னவரின் தொகை, அவர் கொடுக்கும் நாள் வரை இந்தக் கணக்கில் வரக் கூடாது. கைதட்டல் விழுந்ததாலேயே அது வரவாகிவிடாது.

நிகழ்ச்சிச் செலவு: ஒலிபெருக்கி 9,000, நாற்காலியும் துப்புரவும் 4,500, அச்சு 1,500. மொத்தம் 15,000. சிகிச்சைக்கு நிற்பது 1,35,000. பலரும் இந்த எண்ணை மட்டும் அறிவிக்கிறார்கள். அது தவறு. 1,50,000 என்பதும் 15,000 என்பதும் மேலே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் செலவைக் குறைத்திருக்கலாமே என்று கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு இல்லாமல் போய்விடும்.

அடுத்தது சிகிச்சைப் பக்கம். சேர்க்கும்போது முன்பணம் 60,000, பிறகு 45,000, வெளியே மருந்தகத்தில் 12,400. மொத்தம் 1,17,400. மீதி 17,600. ஒவ்வொரு வரிக்கும் தேதி, ரசீது எண், தொகை. பக்கத்தில் "மருத்துவமனை" அல்லது "மருந்தகம்" என்ற ஒரே ஒரு சொல். மருந்தின் பெயரோ பரிசோதனையின் பெயரோ வேண்டாம். மூல ரசீதுகளைக் குழுவில் இல்லாத இருவர் உட்கார்ந்து பார்த்து, "சரிபார்த்தோம்" என்று கையெழுத்திடட்டும். அந்த இருவரில் ஒருவரைக் குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும்.

செந்நிலா:
கொடுத்தவர்களின் பெயர்?

பழைய பொருளாளர்:
ரசீது எண் மட்டும் போதும். தன் எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்ள அவரவருக்கு அது உதவும். 50 கொடுத்தவரும் 5,000 கொடுத்தவரும் ஒரே பட்டியலில் பெயரோடு நின்றால், அடுத்த முறை 50 கொடுப்பவர் வரவே மாட்டார்.

இளவேனில்:
ரசீது எண் என்றால் எனக்குப் பாதி மனம் ஆறுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. கொடுத்த பிறகு அது அவர்கள் பணம். காப்பீட்டிலிருந்து பாதி வந்து, மருத்துவமனை முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் அதையும் கேட்டு வாங்குவீர்களா? நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் வாசலில் போய் நிற்பீர்களா?

பழைய பொருளாளர்:
நீங்கள் தொட்ட இடம்தான் பலர் தடுக்கி விழும் இடம். அந்தத் திரும்பும் பணம் வழக்கமாகக் குடும்பத்தின் கணக்குக்கே போகும், குழுவுக்குத் தெரியவே தெரியாது. யாருடையது என்பதற்கு விடை டிக்கெட்டில் அச்சடித்த வரியில் இருக்கிறது. "இந்தக் குடும்பத்துக்கு உதவ" என்று அச்சடித்திருந்தால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, கேட்கக் கூடாது. "இந்த அறுவைச் சிகிச்சைக்காக" என்று அச்சடித்து வாங்கியிருந்தால், மக்கள் அதற்காகத்தான் கொடுத்தார்கள். அப்போது திரும்பி வந்ததும் கணக்கில் ஒரு வரவுதான்.

எனவே அச்சுக்குக் கொடுக்கும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். மீதமானால் என்ன, போதாமல் போனால் என்ன, நோயாளிக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்க நா எழாது. ஆனாலும் கேட்டாக வேண்டும். பிறகு கேட்பது அதைவிடக் கொடுமை.

இளவேனில்:
கேட்க வேண்டும் என்று ஏற்கிறேன். ஆனால் "சிகிச்சைக்காக" என்று குறுக்கிவிடுவதை ஏற்க மாட்டேன். வேலைக்குப் போகாமல் மருத்துவமனையில் காத்திருக்கும் மனைவியின் சம்பள இழப்பு சிகிச்சைச் செலவு இல்லையா? போகவர ஆகும் செலவு? அதற்கெல்லாம் ரசீது கிடையாது. ரசீது உள்ள செலவை மட்டும் ஏற்றால் உங்கள் கணக்கு சரியாக இருக்கும், அந்த வீட்டின் வாடகை நின்றுபோகும்.

செந்நிலா:
இது உண்மை. எங்களை அழுத்தியது மருத்துவமனைப் பில் அல்ல. அம்மா நான்கு மாதம் வேலைக்குப் போகாததுதான்.

பழைய பொருளாளர்:
இதில் நான் தோற்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ரசீது கேட்பது எனக்கும் மனம் ஒப்பாது. ஒரு தொகையை வரம்பாக வைத்து, "குடும்பச் செலவுக்கு ரசீது இன்றி" என்று வெளிப்படையாக ஒரே வரியில் கொடுக்கலாம். அந்த வரம்பு எவ்வளவு என்பதில் என் குழுவிலேயே இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது. இன்னும் எனக்குத் தெளிவான விடை இல்லை.

அகரன்:
நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஒன்று கேட்கிறேன். வங்கிக்கு நேராக வரும் பணம் யார் கணக்கில் விழ வேண்டும்?

பழைய பொருளாளர்:
நடத்துபவரின் சொந்தக் கணக்கில் வேண்டவே வேண்டாம். அவருடைய சம்பளமும் நன்கொடையும் கலந்துவிட்டால் பிரித்துக் காட்டுவது நரகம். இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற தனிக் கணக்கே நல்லது. அதைத் திறக்க நாளாகும். அதுவரை மருத்துவமனையின் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்லுங்கள், நோயாளியின் பதிவு எண்ணை மறக்காமல் குறிப்பிடச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாமல் போன பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். வரி, அனுமதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும். வங்கியிலேயே முன்கூட்டி விசாரித்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மீதமானால் மறுபரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் ஓராண்டு வரை வைத்துக்கொள்வது, அதற்கு மேலும் மிஞ்சினால் குடியிருப்பில் அடுத்து யாருக்குத் தேவையோ அவருக்கு என்று அவர்களே சொன்னார்கள். மூன்றாவது கேள்வியை நான் கேட்கத் தயங்கியபோது, அந்த அம்மாவே தொடங்கிவிட்டார். குடும்பச் செலவின் வரம்பு மட்டும் முடிவாகவில்லை. பத்தில் ஒரு பங்கு என்று நான் சொன்னேன், குழுவில் இருவர் கால் பங்காவது வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறோம். அதுவரை டிக்கெட்டை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

இளவேனில்:
கால் பங்கு என்பவர்கள் பக்கம் என் வாக்கும் உண்டு என்று அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள்.